கொண்டை ஊசி வளைவும் லிஃப்ட்டும்: ஒரே படத்த வெச்சு ஒரு அசெம்ப்ளி பேச்சு

கேள்வி: என் பொண்ணு சேலத்துல 9வது படிக்கிறா. அடுத்த வாரம் அசெம்ப்ளில மீம்ஸ எப்படி யோசிச்சு படிக்கணும்னு 5 நிமிஷம் பேசணுமாம். எந்த சூழல்ல வந்துச்சு, நக்கலா நெஜமா, ஜோக்கு யார் மேல, இந்த மூணும் வரணும்னு மிஸ் சொல்லிருக்காங்க. நானும் தேடிட்டேன், எல்லாம் "சமூக வலைதளம் இருமுனைக் கத்தி"னு தான் ஆரம்பிக்குது. ஸ்கூல்ல ஏற்காடு பக்கத்துல இருந்து வர்ற பசங்களும் நெறைய பேர். உருப்படியா யாராச்சும் சொல்லுங்களேன்.

பதில்:

சார், நான் சேலத்துல ஒரு மீம் பேஜ நாலஞ்சு வருஷம் ஓட்டுனவன், இப்போ ஸ்கூலுங்களுக்கு போயி இதையே தான் பசங்களுக்கு பேசிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

மொதல்ல ஒரு விஷயம். அஞ்சு நிமிஷத்துல பத்து மீம சொல்ல முயற்சி பண்ணாதீங்க, ஒண்ணே ஒண்ணு போதும். அசெம்ப்ளில ப்ரொஜெக்டர் கெடையாது, மைக்கு பாதி நேரம் கொர்ர்னு கத்தும், பின் வரிசை பசங்களுக்கு பேசறவங்க மூஞ்சியே தெரியாது, வெயில் வேற. அதனால வாயால சொன்னாலே கண்ணுல படம் ஓடற மாதிரி ஒரு மீம் வேணும். அந்த ஒரே படத்துக்கு எழுத்த மட்டும் மாத்தி மாத்தி சொல்லணும். படம் அதே, சிரிப்பும் அதே, ஆனா அடி வாங்கற ஆளு மாறிட்டே இருப்பான். அத பசங்க காதாலயே புடிச்சுடுவாங்க, நீங்க தனியா விளக்கவே வேணாம்.

நான் வழக்கமா வெச்சுக்கற படம் இது. ரெண்டு கட்டம். மேல் கட்டத்துல ஒருத்தர் பஸ் கம்பிய ரெண்டு கையாலயும் இறுக்கி புடிச்சுட்டு, கண்ண மூடி, முருகா முருகானு வேண்டிட்டு இருக்காரு. கீழ் கட்டத்துல ஒரு சின்ன பையன் வாய தொறந்து வெச்சு தூங்கறான். அவ்ளோ தான். உங்க பொண்ணு மேடைல இத நடிச்சே காட்டலாம், அதுக்கே ஒரு சிரிப்பு வரும்.

இதுக்கு மொத எழுத்து: மேல "ஏற்காடு பஸ்ல ஏறுன சேலம்காரர், மூணாவது கொண்டை ஊசி வளைவு", கீழ "தெனமும் அதே பஸ்ல ஸ்கூலுக்கு வர்ற மலைப் பையன், இருபதாவது வளைவு". அடிவாரத்துல இருந்து மேல போறதுக்குள்ள 20 வளைவுனு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், பாதி பேரு எலுமிச்சம்பழத்த மூக்குல வெச்சுட்டு போனவங்க தான், அதனால இந்த ஜோக்கு யாரையும் உறுத்தாது. சிரிப்பு சேலம்காரங்க மேல, அதுவும் பஸ் திரும்பறதால வர்ற சிரிப்பு.

இப்போ படத்த தொடாம எழுத்த மட்டும் மாத்துங்க. மேல் கட்டத்துக்கு: "மலையில இருந்து வந்தவரு, சேலத்துல மொத தடவ லிஃப்ட்ல ஏறுனப்ப". கீழ: "சேலத்து பையன்". கூட்டம் இதுக்கும் சிரிக்கும், அத நான் பல தடவ பாத்துட்டேன். ஆனா சிரிப்பு வேற எடத்துக்கு போயிடுச்சு இல்லீங்களா. மொத ஜோக்கு வளைவ பத்தினது. ரெண்டாவது ஜோக்கு, மலைல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கற நெனப்புல தான் நிக்குது. அந்த நெனப்பு இல்லாதவனுக்கு அங்க சிரிக்க எதுவுமே இல்ல.

இத கண்டுபுடிக்க ஒரு சின்ன வழி இருக்கு, பசங்க டக்குனு புடிச்சுக்கறாங்க: பேர மாத்தி பாக்கறது. மொத மீம்ல சேலம்காரர எடுத்துட்டு சென்னைக்காரர்னு போடுங்க, மதுரைக்காரர்னு போடுங்க, அப்பவும் சிரிப்பு வரும், ஏன்னா ஜோக்கு வளைவுல இருக்கு. ரெண்டாவதுல மலைக்காரர எடுத்துட்டு சென்னைக்காரர்னு போடுங்க, "சென்னைக்காரர் சேலத்துல மொத தடவ லிஃப்ட்ல ஏறுனப்ப", ஒண்ணுமே இல்ல, ஜோக்கு செத்துப் போச்சு. ஆக அது லிஃப்ட் ஜோக்கே இல்ல, மலைக்காரங்கங்கற பேர தான் ஜோக்கா வித்துட்டு இருந்துருக்கு.

இந்த வழி எல்லா எடத்துலயும் வேலை செய்யாது, அதையும் சொல்லிடறேன், ஏன்னா விவரமான ஒரு 10வது பையன் கண்டிப்பா கேப்பான். ரோட்டுல குழி தோண்டி ஆறு மாசமா மூடாம விட்டுருக்காங்கனு அதுக்கு பொறுப்பான ஆள வெச்சு மீம் போட்டா, அங்கயும் பேர மாத்துனா ஜோக்கு செத்துடும். அப்போ அதுவும் தப்பானு கேப்பான். இல்ல. அங்க ஜோக்கு சாகறது அந்த ஆளு செஞ்ச காரியத்தால, இங்க சாகறது ஒருத்தன் பொறந்த ஊரால. பேர மாத்தி ஜோக்கு செத்துச்சுன்னா அதோட நிறுத்தாம, ஏன் செத்துச்சுனு இன்னொரு கேள்வி கேக்கணும்: அவன் செஞ்சதாலயா, அவன் யாருங்கறதாலயா.

சரி, பேச்சுக்கு வர்றேன். நக்கலும் சூழலும் தனித்தனி தலைப்பா வந்தா கட்டுரை மாதிரி ஆயிடும், அதனால ரெண்டையும் ஒரே கதைல கட்டிருக்கேன். உங்க பொண்ணு அவ வாய்க்கு ஏத்த மாதிரி மாத்திக்கட்டும். மெதுவா படிச்சா அஞ்சு நிமிஷத்த தாண்டலாம், தாண்டுனா நேசமணி பகுதிய சுருக்கிக்கலாம்.

"எல்லாருக்கும் வணக்கம். நேசமணி தலைல சுத்தியல் விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும் இல்ல? 2001ல வந்த படம், நாம யாருமே அப்போ பொறக்கல, ஆனா அந்த மூஞ்சிய தெரியாதவங்க இங்க இருக்க மாட்டீங்க. 2019 மே மாசம் ஃபேஸ்புக்ல வெளிநாட்டு இன்ஜினியரிங் பேஜ் ஒண்ணு ஒரு சுத்தியல் படத்த போட்டு, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருனு கேட்டுச்சு. நம்ம ஆளு ஒருத்தரு போயி, இதுக்கு பேரு சுத்தியல், பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி தலைய ஒடச்சதே இது தான்னு ரொம்ப சீரியஸா எழுதி வெச்சாரு. படம் பாக்காத ஒருத்தரு, அய்யோ, அவரு இப்போ எப்படி இருக்காருனு கேட்டாரு. அவ்ளோ தான். நேசமணிக்காக வேண்டிக்கோங்கனு #Pray_for_Neasamani ட்விட்டர்ல உலக அளவுல ட்ரெண்ட் ஆச்சு. நாம விழுந்து விழுந்து சிரிக்கறோம், வேற ஊர்க்காரங்க யாரு இந்த நேசமணி, உயிரோட இருக்காரானு தேடிட்டு இருக்காங்க. எழுத்து ஒண்ணு தான். படத்த பாத்தவனுக்கு அது ஜோக்கு, பாக்காதவனுக்கு அது விபத்து.

அதுல யாருக்கும் அடி இல்ல, ஏன்னா நேசமணினு ஒருத்தரே கெடையாது. இப்போ நெஜமான ஆளுங்க இருக்கற ஒரு மீம சொல்றேன். ரெண்டு கட்டம். மேல ஒருத்தர் பஸ் கம்பிய புடிச்சுட்டு முருகா முருகானு கண்ண மூடிட்டு இருக்காரு. கீழ ஒரு பையன் வாய தொறந்துட்டு தூங்கறான். மேல எழுதிருக்கு: ஏற்காடு பஸ்ல ஏறுன சேலம்காரர், மூணாவது வளைவு. கீழ: தெனமும் வர்ற மலைப் பையன், இருபதாவது வளைவு. (சிரிப்புக்கு நிறுத்தவும்.)

அதே படம். எழுத்த மட்டும் மாத்தறேன். மேல: மலையில இருந்து வந்தவரு, சேலத்துல மொத தடவ லிஃப்ட்ல ஏறுனப்ப. (நிறுத்தவும்.) இதுக்கும் சிலர் சிரிச்சீங்க. பரவால்ல, மொத தடவ கேட்டப்ப நானும் சிரிச்சேன். அப்புறம் தான் யோசிச்சேன், மொத ஜோக்குல நான் எதுக்கு சிரிச்சேன்? வளைவுக்கு. ரெண்டாவதுல எதுக்கு சிரிச்சேன்? அதுக்கு பதில் சொல்ல எனக்கு வாய் வரல.

இப்போ ஒரு கற்பனை. மலைல ஒரு ஊர்ல இருந்து வர்ற ஒரு பொண்ணு, அவளோட அஞ்சு ஃப்ரெண்ட்ஸ் மட்டும் இருக்கற குரூப்ல அதே படத்த போட்டு, ஆமாங்க, நாங்க லிஃப்ட்ட பாத்தா கற்பூரம் ஏத்தி கும்புட்டுட்டு தான் ஏறுவோம்னு எழுதறா. அன்னிக்கு காலைல தான் ஒருத்தன் அவள கேட்டுருக்கான், உங்க ஊர்ல கரண்ட் இருக்கானு. அந்த கேள்விக்கு தான் இந்த மீம் பதில். அவ கலாய்ச்சது அவளையும் இல்ல, அவ ஊரையும் இல்ல, கேள்வி கேட்டவன. அஞ்சு பேருக்கும் புரிஞ்சுது, சிரிச்சாங்க.

அந்த அஞ்சு பேர்ல ஒருத்தி நல்லா இருக்கேனு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேல இருந்த பேர வெட்டிட்டு, கிளாஸ் குரூப்ல போட்டா. இப்போ அந்த மீமுக்கு முன்னாடி நடந்த கேள்வி இல்ல. எழுதுனது யாருனு இல்ல. வெறும் படமும் ஒரு வரியும். கிளாஸ் குரூப்ல நாப்பது பேரு சிரிச்சாங்க, யார பாத்து? மலைக்காரங்கள பாத்து. காலைல அந்த கேள்விய கேட்டானே, அவனும் சேர்ந்து சிரிச்சான். அவ எழுதுன வரியில ஒரு எழுத்து கூட மாறல.

நாம தமிழ்ல வஞ்சப்புகழ்ச்சி அணினு படிக்கறோம். தேவர் அனையர் கயவர் அவரும்தாம் மேவன செய்தொழுக லான். மொத மூணு வார்த்தைய மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வெச்சா என்ன வரும்? தேவர் அனையர் கயவர். கெட்டவங்க தேவர்கள் மாதிரினு வள்ளுவரே சொல்லிட்டாருனு ஆயிடும். மிச்சத்த படிச்சா தான் தெரியும், யாரும் கேக்க ஆளில்லாம நெனச்சபடி ஆடறாங்க, அதுல தான் தேவர் மாதிரினு அவரு குத்தறாரு. குறள்ல மிச்சம் அடுத்த அடிலயே இருக்கு, கண்ண கொஞ்சம் கீழ எறக்குனா போதும். மீம்ல மிச்சம் இன்னொருத்தர் ஃபோன்ல இருக்கு.

அதனால இன்னிக்கு சாயந்திரம் ஏதாச்சும் ஒரு மீம ஃபார்வேர்ட் பண்றதுக்கு முன்னாடி அதுல இருக்கற பேர ஒரு தடவ மாத்தி பாருங்க. அப்படியும் சிரிப்பு வருதானு நாளைக்கு என்கிட்ட வந்து சொல்லுங்க. நன்றி."

அவ்ளோ தான் பேச்சு. கடைசில "எனவே நண்பர்களே"னு ஒரு அறிவுரை பாரா சேக்க மிஸ் சொல்வாங்க, முடிஞ்சா தவிர்த்துடுங்க, அந்த பாரா ஆரம்பிச்ச உடனே பசங்க கால மாத்தி நிக்க ஆரம்பிச்சுடுவாங்க.

இனிமே சொல்றது பேச்சுல வராதது, ஆனா உங்க பொண்ணுக்கு தெரிஞ்சுருக்கணும்.

நான் மொத தடவ ஒரு ஸ்கூல்ல பேசுனப்ப செஞ்ச தப்பு இது. நெஜமா சுத்திட்டு இருந்த ஒரு மீம எடுத்துட்டு போனேன், குண்டா இருக்கற ஒரு பையன் பந்திய பாத்து ஓடற மாதிரி. இது எவ்ளோ தப்பு பாத்தீங்களானு சொல்றதுக்காக தான் எடுத்துட்டு போனேன், மனசுல எந்த கெட்டதும் இல்ல. நான் மீம சொல்லி முடிக்கறதுக்குள்ள மொத்த கிரவுண்டும் திரும்பி மூணாவது வரிசைல நின்ன ஒரு பையன பாத்துச்சு. அவனுக்கு அதுவரைக்கும் இல்லாத ஒரு பட்டப்பேரு என்னால தான் வந்துச்சு, பின்னால நான் சொன்ன எதுவும் யார் காதுலயும் ஏறல. இன்னிக்கும் அந்த பையன் தலைய குனிஞ்சது ஞாபகம் இருக்கு. தப்பான மீம காட்டி தப்புனு சொல்றதும், அந்த மீம இன்னொரு தடவ ஐநூறு பேருக்கு ஃபார்வேர்ட் பண்றதும் ஒண்ணு தான், அது அன்னிக்கு தான் மண்டைல ஏறுச்சு.

அதனால தான் லிஃப்ட் மீம நானே எழுதி வெச்சுருக்கேன், எங்கயும் சுத்துனது இல்ல. அதையும் சொல்லும்போது உங்க பொண்ணு மலைப் பசங்க நிக்கற பக்கம் பாக்கவே கூடாது, நேரா கொடிக் கம்பத்த பாத்து சொல்லட்டும். அதுக்கும் முன்னால, ஏற்காடு பக்கத்துல இருந்து வர்ற ஒரு தோழிகிட்ட பேச்ச ஒரு தடவ படிச்சு காட்ட சொல்லுங்க. அவ மூஞ்சி சுருங்குனா லிஃப்ட்ட தூக்கிடலாம், அதுக்கு பதிலா சேலம்காரங்க மேலயே இருக்கற மாதிரி ஒண்ணு போட்டுக்கலாம், மே மாச வெயில்ல வெந்துட்டு மலைய அண்ணாந்து பாத்து பெருமூச்சு விடற மாதிரி. பேச்சோட வேகம் கொஞ்சம் கொறையும், பரவால்ல.

இன்னொண்ணு, இது பேச்சுல வேணவே வேணாம், உங்களுக்கு மட்டும் சொல்றேன். ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலையோட பழங்குடி மக்கள் பேரே மலையாளி. அரசாங்கத்தோட பழங்குடி பட்டியல்ல அந்த பேர்ல தான் இருக்கு. அவங்க பேசறது தமிழ், கேரளாவுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல, மலைய ஆளறவங்கனு அவங்க ஊர்ல அர்த்தம் சொல்வாங்க. கீழ படிக்க வர்ற பசங்க சர்டிஃபிகேட்ல இந்த வார்த்தைய பாத்துட்டு, டேய் நீ மலையாளியா, ஒரு சாயா போடுனு ஒரு ஜோக்கு எந்த ஸ்கூலுக்கு போனாலும் ஓடும். சொல்றவனுக்கு தான் கேரளாவ கலாய்க்கறதா நெனப்பு. கேக்கற பையனுக்கு, நீ யாருன்னே எனக்கு தெரியாதுடானு சொன்ன மாதிரி. சூழல் தெரியாம ஜோக்கு அடிக்கறதுனா என்னனு இத விட நல்ல உதாரணம் நம்ம மாவட்டத்துல கெடையாது, ஆனா அத மேடைல சொன்னா எந்த பையன்னு எல்லாரும் தேட ஆரம்பிச்சுடுவாங்க. கிளாஸ்ல நம்பிக்கையான ஒரு டீச்சர் பாடத்தோட பாடமா சொன்னா சரியா இருக்கும்.

பேச்சு முடிஞ்சதும் பசங்க ரெண்டு கேள்விய கண்டிப்பா கேப்பாங்க.

ஒண்ணு, "அப்போ யாரையுமே கலாய்க்கக் கூடாதா?" இதுக்கு என் பதில் ஔவையார். பக்கத்து தர்மபுரி தான் பழைய தகடூர், 1965 வரைக்கும் சேலம் மாவட்டத்துல தான் இருந்துச்சு, அதனால அதியமான நம்ம ஊர்க்காரர்னே வெச்சுக்கலாம். அவருக்காக ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போறாங்க. அவன் தன்னோட ஆயுத சாலைய காட்டறான். அதுக்கு அவங்க பாடுன பாட்டு புறநானூறு 95. ஒங்க ஆயுதத்துக்கு எல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் போட்டு பளபளனு வெச்சுருக்கீங்க, எங்க ஆளோட வேலு பாவம், குத்தி குத்தி நுனி ஒடஞ்சு கொல்லன் பட்டறைல கெடக்குதுனு சொல்றாங்க. கேக்க பாராட்டு. உள்ள என்ன இருக்கு? நீ சண்டைக்கே போனதில்லப்பா. பழைய காலத்து வஞ்சப்புகழ்ச்சி மீம் தான் அது. ஆனா பாருங்க, கலாய்ச்சது யார? படையும் காவலும் வெச்சுருக்கற ராஜாவ, அவன் அரண்மனைலயே நின்னு, அவன் மூஞ்சிக்கு நேரா. கலாய்ச்சவங்க கைல ஒரு ஆயுதமும் இல்ல. அந்த மாதிரி கலாய்க்கறதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க, அதுக்கு தான் தைரியமும் வேணும். பஸ்ஸுக்காக அஞ்சு மணிக்கு எழுந்து வர்ற ஒரு பையன, அவன் இல்லாத குரூப்ல கலாய்க்கறதுக்கு எதுவும் வேணாம், இன்டர்நெட் பேக் இருந்தா போதும்.

ரெண்டாவது கேள்வி, கேள்வியாவே வராது, "சும்மா ஜாலிக்கு தானே"னு வரும். இங்க தான் நக்கலோட சிக்கல் இருக்கு. நெட்ல எழுதறதுல குரல் இல்ல, கண்ணடிக்கறது இல்ல, அதனால நக்கலா எழுதுனதும் நெஜமா நம்பி எழுதுனதும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். 2005லயே நேதன் போனு ஒருத்தர் இத ஒரு ஆன்லைன் விவாதத்துல எழுதி, அவரு பேர்லயே Poe's Lawனு நின்னுடுச்சு. இதனால ரெண்டு பக்கமும் தப்பு நடக்கும். நக்கல நெஜம்னு எடுத்துட்டு வருத்தப்படறவங்க ஒரு பக்கம். நெஜமாவே அப்படி நெனச்சு எழுதிட்டு, யாராச்சும் கேட்டா நக்கலுக்கு தானேனு நழுவறவங்க இன்னொரு பக்கம். எங்க பேஜ்லயே இந்த ரெண்டாவது ரகம் நெறைய பேரு கமெண்ட்ல வந்து ஒட்டிக்குவாங்க, நாங்க நக்கலா போட்ட மீமுக்கு கீழ "கரெக்டு ப்ரோ, அவங்க அப்படித்தான்"னு எழுதுவான். அத பாத்ததும் புரிஞ்சுடும், நம்ம மீம் கை மாறிடுச்சுனு. நான் ரெண்டு மூணு போஸ்ட்ட அப்படி டெலீட் பண்ணிருக்கேன்.

நழுவறவன புடிக்க ஒரு வழி: படத்த எடுத்துட்டு, இதுல ஜோக்கு என்னனு ஒரே வாக்கியத்துல சொல்ல சொல்லணும், திட்டாம, நெஜமாவே புரியாத மாதிரி. வளைவு மீம போட்டவன் டக்குனு சொல்லிடுவான், நாங்க வாந்தி எடுப்போம், அவன் தூங்குவான்னு. லிஃப்ட் மீம போட்டவன் "அது வந்து, மலைக்காரங்களுக்கு"னு ஆரம்பிச்சு பாதில நிறுத்திடுவான். முழுசா சொல்ல கூச்சப்படற வாக்கியம் தான் அந்த மீமோட நெஜமான எழுத்து. நக்கலா எழுதுனவனுக்கு அந்த கூச்சம் இருக்காது, யார குத்தறேன்னு அவனுக்கு தெரியும், சொல்லிடுவான்.

கடைசியா, வெட்டுன மீம எப்படி கண்டுபுடிக்கறதுனு உங்க பொண்ணுகிட்ட யாராச்சும் கேட்டா சொல்லட்டும், இது பேஜ் ஓட்டுனதுல வந்த பழக்கம். ஒரு படம் சேவ் ஆகி, ஸ்க்ரீன்ஷாட் ஆகி, திரும்ப அப்லோட் ஆகி கை மாற மாற கொஞ்சம் கொஞ்சமா மங்கும், எழுத்தோட ஓரத்துல புள்ளி புள்ளியா அழுக்கு புடிச்ச மாதிரி வரும், கிழிஞ்ச பத்து ரூபா நோட்டு கணக்கா. படம் மங்கலா இருந்து, மேல இருக்கற எழுத்து மட்டும் பளிச்னு இருந்தா, எழுத்த யாரோ பின்னால மாத்தி எழுதிருக்கலாம். அதே மாதிரி ரெண்டு வரில ஒண்ணு ஒரு ஃபான்ட், இன்னொண்ணு வேற ஃபான்ட்டா இருந்தாலும் சந்தேகப்படலாம். ஓரத்துல பேஜ் பேரு பாதி வெட்டுப்பட்டு தொங்குதானு பாக்கணும், இல்ல பழைய பேருக்கு மேல புது பேர ஒட்டிருக்காங்களானு. மேல இருக்கற வெள்ளப் பட்டை ஒரு பக்கம் தடிப்பா ஒரு பக்கம் மெலிசா இருந்தா அங்க இருந்த ஒரு வரிய வெட்டிருக்கலாம். ஆனா எல்லாம் சுத்தமா இருந்தா அது அசல்னு நம்பிட கூடாது, கை தேர்ந்தவன் மொத்தமா புதுசா செஞ்சுடுவான். அப்போ படத்த கூகுள் லென்ஸ்ல போட்டு, இதே படம் வேற என்ன எழுத்தோட சுத்துதுனு பாக்கலாம். நம்ம ஊரு வாட்ஸ்அப் குரூப்லயே பொறந்த மீம்னா அதுலயும் கெடைக்காது, அனுப்புனவங்ககிட்ட நேரா கேக்கறது தான் வழி, இத யாரு மொதல்ல போட்டாங்க, எதுக்கு போட்டாங்கனு.

பேச்சு தாள மிஸ்கிட்ட குடுக்கும்போது (நிறுத்தவும்)னு எழுதிருக்கற எடத்த பேனால வட்டம் போட்டு வைங்க சார். பசங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த வரி போயிட்டா, அந்த லிஃப்ட் எடம் காதுல விழாது, மொத்த பேச்சும் அங்க தான் நிக்குது.